இரண்டு பொருள் தரும் வரிக்கு உரை எழுதுவது எப்படி?

ஒரு ஓலையில் ‘செம்பொன்பதின்றொடி கொடுத்தனுப்பு’ என்று எழுதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடி என்பது பழைய நிறுத்தலளவு. ஓலையைப் படிப்பவர் செம்பொன் + பதின் + தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி பொன் கொடுத்தனுப்ப வேண்டும். செம்பு + ஒன்பதின் + தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு போதும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். ஒரு புள்ளிகூட மாறாது. ‘செம்பொன்பதின்றொடி’ என்ற தொடர் மட்டும் என் கற்பனை அல்ல. எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறுபடும் தொடர்களைப் பற்றித் தொல்காப்பியம் பேசும் இடத்தில் உரைகாரர்கள் காட்டும் உதாரணம் அது. அத்தகைய தொடர்களில் பொருள் வேறுபாடு ஓசையில் தெரியும் என்கிறது தொல்காப்பியம். வாயால் சொன்னால் எங்கே நிறுத்துகிறோம் என்பது காட்டிக் கொடுத்துவிடும். எழுத்தில் அந்த நிறுத்தம் இல்லை, ஆகவே படிப்பவருக்கு வேலை வந்துவிடுகிறது.

இதே போல இரண்டாகப் பிரியும் வரிகள் நூற்றுக்கணக்கில் தனிப்பாடல்களில் இருக்கின்றன. அங்கே யாரும் குழம்புவதில்லை, ரசிக்கிறோம். ஏன்? பாடியவர் இரண்டு பொருளையும் வேண்டும் என்றே வைத்தார். ஓலை எழுதியவர் மனத்தில் ஒன்றுதான் இருந்தது.

உரை எழுதத் தொடங்குகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. நன்னூல் இரண்டையும் இரண்டு பட்டியலில் வைத்திருக்கிறது. நூலில் கையாளத்தக்க 32 உத்திகளில் ஒன்று ‘இரட்டுற மொழிதல்’. நூலில் வரக்கூடாத 10 குற்றங்களில் ஒன்று ‘மயங்க வைத்தல்’. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முதல் வகைக்கு உரை எழுதும்போது இரு பொருளையும் ‘உம்’ போட்டுச் சேர்க்க வேண்டும்: இதுவும் பொருள், அதுவும் பொருள். இரண்டாம் வகைக்கு ‘அல்லது’ போட்டுப் பிரிக்க வேண்டும்: இதுவாக இருக்கலாம், அல்லது அதுவாக இருக்கலாம். இதை முடிவு செய்யாமல் எழுதும் உரைதான் பெரும்பாலும் வாசகரைக் குழப்புகிறது.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது

முதல் வகை, அதாவது சிலேடை என்றால் பாட்டே அதைச் சொல்லிவிடும். இரண்டு பொருள்களின் பெயரும் பாட்டுக்குள் இருக்கும், பெரும்பாலும் கடைசி அடியில். அப்புறம், ஒன்றல்ல, வரிசையாகப் பல தொடர்கள் இரண்டு பக்கமும் பொருந்தும். ஒரே ஒரு தொடர் மட்டும் இரண்டாகப் பிரிந்து, மற்றவை எல்லாம் ஒரே பக்கம் போனால் அது அநேகமாகத் தற்செயல். இந்த இரண்டு அடையாளங்களும் இல்லாத இடத்தில் ‘இது சிலேடை’ என்று உரையில் எழுதாதீர்கள். தமிழில் பல பொருள் ஒரு சொற்கள் ஏராளம். தேடினால் எந்தப் பாட்டிலும் இரண்டாம் பொருள் ஒன்றை இழுத்து வந்துவிடலாம்.

இனி ஒரு பாட்டை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். 15ஆம் நூற்றாண்டுக் கவிஞரான காளமேகத்தின் வெண்பா. பலருக்குப் பள்ளியிலேயே அறிமுகமாகியிருக்கும்.

நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்
வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது – விஞ்சுமலர்த்
தேம்பாயும் சோலைத் திருமலைரா யன்வரையில்
பாம்பாகும் வாழைப் பழம்.

முதலில் கடைசி அடி

சிலேடைப் பாட்டை மேலிருந்து கீழே படித்தால் சிக்கிக்கொள்வோம். கடைசி அடியை முதலில் படியுங்கள். ‘பாம்பாகும் வாழைப்பழம்’. ஆக, இரண்டு பொருள்கள் பாம்பும் வாழைப்பழமும். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் பாம்பு, வலப்பக்கம் வாழைப்பழம் என்று எழுதிவிடுங்கள்.

அடுத்து, சிலேடைக்குள் வராத பகுதியைக் கழிக்க வேண்டும். ‘விஞ்சுமலர்த் தேம்பாயும் சோலைத் திருமலைராயன் வரையில்’ என்பது ஊரைச் சொல்லும் பகுதி. மலர்கள் மிகுந்து தேன் பாயும் சோலைகளை உடைய திருமலைராயனின் நாடு. இதைப் பாம்புக்கும் பழத்துக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் வீணாக உழைக்கிறார்கள். தேனிலும் சோலையிலும் பாம்பைத் தேடுவார்கள். இந்த வகை வெண்பாவுக்கு நான்கு அடி வேண்டும், பாடப்பட்ட தலைவனின் பெயரும் வேண்டும், அதற்காக வந்த பகுதி இது. இரண்டு நிரலுக்கும் பொது என்று குறித்துவிட்டு நகரலாம்.

இப்போது கையில் மிஞ்சுவது நான்கு தொடர்கள்: நஞ்சிருக்கும், தோலுரிக்கும், நாதர்முடி மேலிருக்கும், வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது.

ஒவ்வொரு தொடரும் எப்படி இரண்டாகிறது?

நான்கும் இரண்டு பொருள் தருகின்றன. ஆனால் நான்கும் ஒரே வழியில் தருவதில்லை. எந்த வழி என்று உரை சொல்ல வேண்டும். ‘பாம்புக்கு இது, பழத்துக்கு அது’ என்று விடையை மட்டும் எழுதினால் வாசகர் உங்களை நம்பித்தான் ஆக வேண்டும். வழியையும் சொன்னால் அவரே சரிபார்த்துக்கொள்வார்.

எளிதானதிலிருந்து போவோம். ‘நாதர்முடி மேலிருக்கும்’. நாதர் என்றால் சிவபெருமான். பாம்பு அவர் முடிமேல் அணியாக இருக்கிறது; வாழைப்பழம் பஞ்சாமிர்த அபிஷேகத்தில் அவர் முடிமேல் இருக்கிறது. இங்கே எந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள் இல்லை. நாதர், முடி, இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான். இரண்டு வேறு செய்திகள் ஒரே வாக்கியத்துக்குள் உண்மையாகின்றன, அவ்வளவே. ஆகவே உரையில் சொற்பொருள் இரண்டு தேவையில்லை, சந்தர்ப்பம் இரண்டைச் சொன்னால் போதும்.

‘தோலுரிக்கும்’ இன்னும் சுவையானது. பாம்பு தன் தோலைத் தானே உரிக்கும். வாழைப்பழம் எதையும் உரிப்பதில்லை. அதன் தோலை நாம் உரிக்கிறோம். சொல்லின் பொருள் மாறவில்லை, உரிக்கும் கை மாறிவிட்டது. சரி, ‘உரிக்கும்’ என்று செய்வினையில் சொல்லிவிட்டுப் பழத்துக்கு ‘உரிக்கப்படும்’ என்று பொருள் கொள்ளலாமா? கொள்ளலாம். செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். திண்ணை தானே மெழுகிக்கொள்ளவில்லை, யாரோ மெழுகினார்கள். உரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வாசகருக்குப் பழத்தின் பக்கம் இழுத்துப் பிடித்தது போலத் தோன்றும்.

‘நஞ்சிருக்கும்’ என்பதில் சொல்லே இரண்டாகிறது. பாம்புக்கு நஞ்சு விஷம். பழத்துக்கு நைந்து, அதாவது கனிந்து குழைந்து. நைந்து என்பது பேச்சில் நைஞ்சு ஆகிறது, காய்ந்து காய்ஞ்சு ஆவது போல. நைஞ்சு எப்படி நஞ்சு ஆகும்? ச, ஞ, ய என்ற எழுத்துகளுக்கு முன்னால் அகரமும் ஐகாரமும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. மஞ்சு என்பதை மைஞ்சு என்றும் சொல்லலாம், மயல் என்பதை மையல் என்றும் சொல்லலாம். அதே விதியில் நைஞ்சு நஞ்சாகிறது. காளமேகம் பேச்சு வழக்கைக் கையில் எடுத்தாலும் இலக்கணத்தின் வாசலைத் தாண்டாமல்தான் எடுக்கிறார். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழத்தின் பொருள் தெளிவாகத் தெரியட்டும் என்று மூலத்தை ‘நைஞ்சிருக்கும்’ என்று திருத்தி அச்சிடக் கூடாது. திருத்தினால் விஷம் போய்விடும். அதோடு எதுகையும் கெடும். நஞ்சி, வெஞ்சி, விஞ்சு என்று மூன்று இடத்திலும் முதல் எழுத்து குறிலாக ஒத்து வருகிறது. ‘நை’ வந்தால் அந்த ஒழுங்கு உடையும். மூலத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, மாற்றத்தை உரையில் மட்டும் காட்டுங்கள்.

நான்காவது தொடர்தான் உண்மையான சோதனை. ‘வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது’. பற்பட்டால் என்பது பல் + பட்டால். பாம்பின் பக்கம் நேராகப் போகிறது: கொடிய கோபத்தோடு பாம்பின் பல் நம்மீது பட்டால் மீளாது. எது மீளாது? ‘மீளாது’ அஃறிணை ஒருமை. கடிபட்ட மனிதரைச் சொன்னால் ‘மீளார்’ என்று வந்திருக்க வேண்டும். எனவே ‘உயிர்’ என்ற சொல்லை வருவித்து, ‘உயிர் மீளாது’ என்று முடிக்க வேண்டும். வருவித்த சொல் எது என்று வாசகருக்குத் தெரியும்படி அடைப்புக்குள் போடுங்கள்.

பழத்தின் பக்கம் பல் நம்முடையது. நம் பல் பட்டால் பழம் மீளாது, உள்ளே போய்விடும். இங்கே ‘மீளாது’ என்பதற்குப் பழமே எழுவாய், எதையும் வருவிக்க வேண்டாம். ஆனால் ‘வெஞ்சினம்’ என்ன ஆவது? வாழைப்பழத்தைக் கோபத்தோடு யாரும் தின்பதில்லை. வழக்கமாகச் சொல்லப்படும் விடை, இதை ‘வெஞ்சனம்’ என்று கொள்வது. வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் துணைக்கறி. தென் மாவட்டங்களில் இன்றும் ‘வெஞ்சனம் என்ன?’ என்று கேட்பார்கள். துணைக்கறியாகப் பழம் வாயில் பட்டால் திரும்பி வராது என்பது பொருள்.

ஆனால் இதற்கு ‘சி’ என்ற எழுத்தை ‘ச’ ஆக்க வேண்டியிருக்கிறது. நஞ்சுக்கு இருந்தது போன்ற இலக்கண விதி இங்கே துணைக்கு வராது. யாப்பும் உதவாது. வெஞ்சினத்தில் என்றாலும் வெஞ்சனத்தில் என்றாலும் அசை ஒன்றுதான், எதுகையும் ஒன்றுதான். எழுத்தை மாற்றாமல், சினம் என்பதைப் பசியின் வேகம் என்று கொள்ளவும் முயலலாம். ஆனால் சினம் என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் இயல்பானதல்ல. வெஞ்சனம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் பாட்டு முழுக்க உண்ணும் பழத்தைப் பற்றியது, சொல்லும் மக்கள் வாயில் உள்ளது.

உரை எழுதுகிறவர் இந்த இடத்தை மூடி மறைக்கக் கூடாது. ‘பழத்துக்கு, வெஞ்சனத்தில் என்று கொள்க’ என்று எழுதி, எழுத்து மாறியிருக்கிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு தொடர் கொஞ்சம் நெகிழ்ந்தால் பாட்டு விழுந்துவிடாது. மற்ற மூன்றும் உறுதியாக நிற்கின்றன. வாசகரிடம் எது உறுதி, எது நெகிழ்வு என்று பிரித்துச் சொல்வதுதான் உரை.

பிரித்துச் சொல்ல இரண்டு பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் வந்தால் செம்மொழிச் சிலேடை. வேறு வேறாகப் பிரித்தால்தான் பல பொருள் வரும் என்றால் பிரிமொழிச் சிலேடை. தண்டியலங்காரம் தரும் பெயர்கள் இவை. நம் பாட்டில் பிரிமொழி இல்லை என்றே சொல்லலாம். ஓலையின் ‘செம்பொன்பதின்றொடி’ பிரிமொழி வகை. இதற்கு மேல் கலைச்சொல் தொடக்கத்தில் தேவைப்படாது.

தாளில் எப்படி அடுக்குவது

ஆராய்ச்சி செய்த வரிசையிலேயே உரையை எழுதிவிடாதீர்கள். பலர் ‘பாம்பு விஷம் கொண்டிருக்கும், வாழைப்பழம் கனிந்திருக்கும், பாம்பு தோல் உரிக்கும், வாழைப்பழத்தின் தோல் உரிக்கப்படும்’ என்று தொடருக்குத் தொடர் மாறி மாறி எழுதுவார்கள். சரிபார்க்க அது வசதி, படிக்க வசதியில்லை. வாசகர் ஒவ்வொரு அரை வாக்கியத்துக்கும் பாம்பிலிருந்து பழத்துக்குத் தாவ வேண்டும். கடைசியில் இரண்டில் எதுவும் முழுதாக மனத்தில் நிற்காது. சாய்கோடு போட்டு ‘விஷம்/கனிவு’ என்று எழுதுவது அதைவிட மோசம்.

மூலத்தை முதலில் போடுங்கள், சந்தி பிரிக்காமல். சந்தியைப் பிரித்தால் அங்கேயே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். பிரிமொழிச் சிலேடையில் இது பெரிய தவறு. ‘செம்பு ஒன்பதின் தொடி’ என்று இடைவெளி விட்டு அச்சிட்டால் பொன் செத்துவிடும். பிரித்த வடிவம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக, அந்தந்தப் பொருளின் கீழே கொடுங்கள்.

அதற்கடுத்து ஒரு பொருளை ஆரம்பம் முதல் முடிவு வரை ஓடும் வாக்கியமாக எழுதுங்கள். பிறகு மற்றதை. நம் பாட்டுக்கு இப்படி வரும்:

பாம்புக்கு: நஞ்சு இருக்கும், (தன்) தோலை உரிக்கும், சிவபெருமான் முடிமேல் இருக்கும், கொடுஞ்சினத்தோடு (அதன்) பல் பட்டால் (உயிர்) மீளாது.

வாழைப்பழத்துக்கு: நைந்து கனிந்திருக்கும், (உண்பவரால்) தோல் உரிக்கப்படும், (அபிஷேகத்தில்) சிவபெருமான் முடிமேல் இருக்கும், துணைக்கறியாகக் கொண்டு (நம்) பல் பட்டால் (பழம்) மீளாது.

பொது: மலர் மிகுந்து தேன் பாயும் சோலைகளை உடைய திருமலைராயன் நாட்டில், இவ்வாறு வாழைப்பழம் பாம்புக்கு ஒப்பாகும்.

இதற்குக் கீழே, எந்தத் தொடர் எந்த வழியில் இரண்டாகிறது என்ற குறிப்பு. நஞ்சுக்கு ஒரு வரி, உரிக்கும் என்பதற்கு ஒரு வரி, வெஞ்சினத்துக்கு இரண்டு வரி. நாதர் முடிக்குக் குறிப்பே வேண்டாம்.

எந்தப் பொருளை முதலில் வைப்பது என்று கேட்பார்கள். காதில் விழுந்தவுடன் தோன்றும் பொருளை முதலில் வையுங்கள். ‘நஞ்சிருக்கும்’ என்றதும் எல்லோருக்கும் பாம்புதான் நினைவுக்கு வரும். பழம் கடைசி அடியில்தான் தெரியவருகிறது. பாட்டு நிகழ்த்தும் வரிசையை உரையும் பின்பற்றினால் வாசகர் கேட்டவர்கள் அனுபவித்ததை அப்படியே அனுபவிப்பார்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பாம்பு உரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டுப் படியுங்கள். மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் இடம் இருக்கிறதா? இல்லாத சொல் எதுவும் அடைப்புக்கு வெளியே நுழைந்திருக்கிறதா? பிறகு பழ உரைக்கும் அதே சோதனை. ஒரு பக்கம் அடைப்புகள் மிகுந்துகொண்டே போனால், அந்தப் பொருளைப் பாட்டு தரவில்லை, நீங்கள் ஊட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பாடியவர் ஒன்றைத்தான் நினைத்திருந்தால்

இதே பாட்டில் ‘அல்லது’ வகைக்கும் ஓர் இடம் இருக்கிறது. ‘திருமலைராயன் வரையில்’. வரை என்றால் மலை, எல்லை என்று இரண்டு பொருளும் உண்டு. திருமலைராயன் மலையில் என்றா, திருமலைராயன் எல்லைக்குள் என்றா? மலையும் வேண்டும், எல்லையும் வேண்டும் என்று காளமேகம் இதை வைக்கவில்லை. பாம்புக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று என்று பிரியவும் இல்லை. ஆகவே ஒன்றைத் தேர்ந்து மேலே எழுத வேண்டும். திருமலைராயன் பெயரைத் தாங்கிய திருமலைராயன்பட்டினம் காரைக்காலுக்கு அருகே கடலோரச் சமவெளியில் இருக்கிறது. அந்தப் பக்கம் மலை கிடையாது. எல்லைக்குட்பட்ட நாடு என்பதே பொருத்தம் என்று நான் கொண்டேன்.

மற்றதை எப்படிச் சொல்வது? உரைகாரர்கள் இதற்கு நல்ல வாய்பாடுகளை வைத்திருக்கிறார்கள். மாற்றுப் பொருளும் ஏற்கத்தக்கதே என்றால் ‘எனினும் அமையும்’. வேறொருவர் சொல்வது, தனக்கு உடன்பாடு இல்லை என்றால் ‘என்று உரைப்பாரும் உளர்’. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் இப்படிப்பட்ட இடங்களைக் காணலாம். பெரும்பாலும் அங்கே நிற்காமல், ஏன் அந்தப் பொருள் பொருந்தாது என்றும் எழுதுவார். இந்த வாய்பாடுகள் வெறும் நடையழகு அல்ல. ஒவ்வொரு பொருளையும் உரையாசிரியர் எவ்வளவு தூரம் தாங்குகிறார் என்பதை அவை காட்டுகின்றன. இன்றைய நடையில் ‘இப்படியும் கொள்ளலாம்’, ‘சிலர் இப்படிக் கொள்வர், ஆனால்’ என்று எழுதினாலும் அதே வேலை நடக்கும். சிலேடையில் மட்டும் இவற்றைப் போடக் கூடாது. ‘நஞ்சு விஷம், கனிவு எனினும் அமையும்’ என்று எழுதினால் பாட்டைக் கொன்றுவிட்டோம்.

பாட்டை விட்டுவிட்டு அன்றாடச் செய்திக்கு வந்தாலும் முறை இதுதான். ‘தம்பி மகன் கல்யாணத்துக்கு வரவில்லை’ என்று ஊரிலிருந்து ஒரு வரி வருகிறது. அதை நீங்கள் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும், அல்லது வேறு மொழியில் பெயர்க்க வேண்டும். இந்த ஒரு வரி குறைந்தது மூன்று விதமாக நிற்கும்:

தம்பியின் மகன், கல்யாணத்துக்கு வரவில்லை.
தம்பி, தன் மகனின் கல்யாணத்துக்கு வரவில்லை.
தம்பி மகனுடைய கல்யாணத்துக்கு (வேறு யாரோ) வரவில்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ‘தம்பி மகன்’ என்பதில் வேற்றுமை உருபு எதுவும் வெளியே தெரியவில்லை. ‘தம்பி’ என்பதற்குப் பின் ஓர் உருபு தொக்கி நிற்கிறதா, அல்லது அங்கே எதுவுமே இல்லையா என்று சொல்ல முடியவில்லை. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். அதோடு ‘வரவில்லை’ என்ற வினை யாருக்கும் பொருந்தும்: நான் வரவில்லை, நீ வரவில்லை, அவன் வரவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் எழுதியவரே வராதவராக இருக்கலாம். ‘வரமாட்டான்’ என்று இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

இங்கே சிலேடையின் அடுக்குமுறையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பொருளையும் முழு வாக்கியமாக எழுதுவது. ‘தம்பியோ, தம்பி மகனோ வரவில்லையாம்’ என்று கலந்து சொன்னால் மூன்றாவது பொருள் காணாமல் போய்விடும், யாருடைய கல்யாணம் என்ற வேறுபாடும் மறைந்துவிடும். மற்றபடி முறை வேறு. பழையதில் பாடியவர் இல்லை, உரை எழுதித்தான் ஆக வேண்டும். செய்தி அனுப்பியவரைக் கேட்க முடியும். கேள்வியை மட்டும் சரியாகக் கேட்க வேண்டும். ‘நீங்கள் எழுதியது புரியவில்லை’ என்றால் அதே வரியைத் திரும்ப எழுதி அனுப்புவார்கள், அவர்களுக்கு அதில் ஒரு பொருள்தானே தெரிகிறது. ‘வராதது யார்?’ என்று கேளுங்கள். மூன்று வாக்கியத்துக்கும் விடை வேறு வேறாக வருவதால் அந்த ஒரு கேள்வியே போதும். கேட்க வழியில்லாமல் பெயர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், சுற்றியுள்ள செய்தியோடு பொருந்துவதை உடலில் வைத்து, மற்றதை முழு வாக்கியமாக அடிக்குறிப்பில் வையுங்கள்.

பழகிக்கொள்ள ஒரு பாட்டு

இதுவும் காளமேகத்துடையது. உரை பார்க்காமல் நீங்களே இரண்டு நிரல் போட்டுச் செய்து பாருங்கள்.

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது.

கடைசி அடியைப் பிரித்தால் பாம்பு, எள் என்று வரும். ஊர்ப்பெயர் இல்லாததால் கழிக்க வேண்டிய பகுதி இதில் மிகக் குறைவு. எள்ளின் பக்கம் செக்கு, எண்ணெய்க் குடம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் ‘ஆடி’, ‘இரையும்’ இரண்டும் தாமாக விழும். ‘முகங்காட்டும்’ என்ற இடத்தில் யாருடைய முகம் என்று ஒவ்வொரு நிரலிலும் அடைப்புக்குள் எழுதுங்கள், தோலுரிக்கும் என்பதில் கை மாறியதைப் போல இங்கே முகம் மாறும். ‘பிண்ணாக்கு’ ஒரு பக்கம் அப்படியே நிற்கும், மறுபக்கம் இரண்டு சொல்லாகப் பிரியும். அதைப் பிரிக்க முடியவில்லை என்றால் பாம்பின் நாக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.